ஐந்து நிமிட ஹேமரும் வார ஹேமரும்: ஒரே வடிவத்துக்கு ஏன் இரண்டு தீர்ப்பு?

சார்ட் படிக்கத் தொடங்கியவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "ஐந்து நிமிட சார்ட்டில் அழகான ஹேமர் வந்தது. வாங்கினேன், அடுத்த பத்து நிமிடத்தில் ஸ்டாப் லாஸ் அடித்துவிட்டது. அதே ஹேமர் வார சார்ட்டில் வந்தால் மட்டும் எல்லோரும் மதிக்கிறார்களே, ஏன்? வடிவம் ஒன்றுதானே?"

வடிவம் ஒன்றுதான். அந்த வடிவத்தை உண்டாக்கியது எது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஹேமரை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்களோடு படிப்படியாகப் பார்ப்போம். காகிதமும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

படி 1: நான்கு எண்களை எழுதுங்கள்

ஹேமர் என்பது சரிவுக்குப் பிறகு வரும் கேண்டில். மேலே சிறிய உடல், கீழே உடலைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு நீளமான வால், மேல் வால் இல்லை அல்லது மிகக் குறைவு. விற்றவர்கள் விலையைக் கீழே தள்ளினார்கள், வாங்கியவர்கள் அதைத் திரும்ப மேலே கொண்டுவந்தார்கள் என்று பொருள் சொல்வார்கள்.

500 என்ற விலைக்கு அருகில் நடமாடும் ஒரு பங்கை வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஐந்து நிமிட ஹேமர்: தொடக்கம் 500.20, உச்சம் 500.35, அடி 499.20, முடிவு 500.30. உடல் 0.10, கீழ் வால் 1.00.

வார ஹேமர்: தொடக்கம் 500, உச்சம் 504, அடி 478, முடிவு 503. உடல் 3, கீழ் வால் 22.

வால் உடலைப் போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பத்து மடங்கு, வாரத்தில் ஏழு மடங்குக்குச் சற்று மேல். வடிவ இலக்கணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஐந்து நிமிட ஹேமருக்குத்தான் முதல் பரிசு கிடைக்கும்.

படி 2: உடலை ஸ்ப்ரெட்டோடு ஒப்பிடுங்கள்

எந்த நேரத்திலும் சந்தையில் இரண்டு விலைகள் இருக்கும். வாங்கக் காத்திருப்பவர் தரும் விலை ஒன்று, விற்கக் காத்திருப்பவர் கேட்கும் விலை ஒன்று. இடையில் உள்ள தூரம்தான் ஸ்ப்ரெட். நம் பங்கில் அது 0.10 என்று வையுங்கள். அதாவது 500.20-க்கு வாங்கக் காத்திருக்கிறார்கள், 500.30-க்கு விற்கக் காத்திருக்கிறார்கள்.

அவசரமாக விற்பவர் வந்தால் வியாபாரம் 500.20-இல் பதிவாகும். அவசரமாக வாங்குபவர் வந்தால் 500.30-இல் பதிவாகும். இப்போது நம் ஐந்து நிமிட ஹேமரைத் திரும்பப் பாருங்கள். தொடக்கம் 500.20, முடிவு 500.30. முதல் வியாபாரத்தைச் செய்தவர் விற்பவர், கடைசி வியாபாரத்தைச் செய்தவர் வாங்குபவர் என்பதைத் தவிர அந்த உடலில் வேறு செய்தி எதுவும் இல்லாமல் இருக்கலாம். வரிசை தலைகீழாக இருந்திருந்தால் அதே கேண்டில் சிவப்பாக முடிந்திருக்கும். இரண்டுமே விற்பவர்களாக இருந்திருந்தால் உடலே இல்லாத டோஜி ஆகியிருக்கும். காத்திருக்கும் விலைகள் அசையாமலே கேண்டிலின் நிறமும் பெயரும் மாறிவிடுகின்றன.

வார ஹேமரின் உடல் 3. ஸ்ப்ரெட்டைப் போல் முப்பது மடங்கு. கடைசி வியாபாரத்தை யார் செய்தாலும் அதன் வடிவம் மாறாது.

இதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சந்தை ஒரு நாளில் ஆறரை மணி நேரம் நடந்தால் 78 ஐந்து நிமிட கேண்டில்கள், ஐந்து நாள் வாரத்தில் 390. விலை ஏறக்குறைய தற்போக்காக நகர்கிறது என்று கொண்டால் அதன் வீச்சு காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். 390-இன் வர்க்கமூலம் சுமார் 20. ஆகவே வார கேண்டில் ஐந்து நிமிட கேண்டிலைப் போல் தோராயமாக 20 மடங்கு உயரமாக இருக்கும். ஸ்ப்ரெட் மட்டும் வளர்வதில்லை, அதே 0.10-இல் நிற்கிறது.

உடல் ஸ்ப்ரெட்டைப் போல் மூன்று, நான்கு மடங்காவது இல்லாவிட்டால் அதை நிறமுள்ள உடலாக நான் எண்ணுவதில்லை. இது என் வழக்கம்தான், விதி அல்ல.

படி 3: வாலைப் பிரித்து உள்ளே பாருங்கள்

எனக்கு மிக முக்கியமான படி இது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

ஐந்து நிமிட ஹேமரை ஒரு நிமிட சார்ட்டில் திறந்தால், 499.20 என்ற அடி முதல் நிமிடத்திலேயே சில நொடிகளில் தொட்டு மீண்டதாக இருக்கக்கூடும். யாரோ ஒருவர் பெரிய அளவை 'மார்க்கெட்' ஆர்டராக விற்றார், காத்திருந்த ஆர்டர்களை அது விழுங்கியது, பிறகு இடம் நிரம்பி விலை திரும்பியது. அந்த ஒருவருடைய அவசரம்தான் வாலாகத் தெரிகிறது. வாங்குபவர்கள் கூடி முடிவெடுத்ததாக இதிலிருந்து சொல்ல முடியாது.

வார ஹேமரைத் தினசரி சார்ட்டில் திறப்போம். திங்கள் 500-இல் தொடங்கி 491-இல் முடிகிறது. செவ்வாய் 484. புதன் 478 வரை போய் 482-இல் முடிகிறது. வியாழன் 493, வெள்ளி 503. மூன்று நாள் விற்றிருக்கிறார்கள், இரண்டு நாள் வாங்கியிருக்கிறார்கள். இடையில் இரவுகள் இருந்தன. செய்தி படித்து யோசித்தவர், கூடிப் பேசி முடிவெடுக்கும் பெரிய நிதி நிறுவனம், மாதக் கணக்கில் காத்திருந்தவர் எல்லோருக்கும் விற்கவும் வாங்கவும் நேரம் கிடைத்தது. அத்தனைக்கும் பிறகு விலை தொடங்கிய இடத்துக்கு மேலே முடிந்திருக்கிறது.

ஆனால் இன்னொரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். திங்கள் காலை சந்தை திறந்த பத்து நிமிடத்தில் விலை 478-க்கு விழுந்து திரும்பிவிடுகிறது. வாரத்தின் மீதி நேரம் முழுதும் 498-க்கும் 504-க்கும் இடையிலேயே கழிந்து, 503-இல் முடிகிறது. வார சார்ட்டில் இதற்கும் முந்தையதற்கும் கோடு அளவுகூட வித்தியாசம் தெரியாது, நான்கு எண்களும் ஒன்றே. உள்ளே இருப்பது மட்டும் ஒரு பத்து நிமிட விபத்து. வார சார்ட் என்பதற்காகவே ஒரு ஹேமரை நம்பிவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

படி 4: எல்லைக்கோட்டை நகர்த்திப் பாருங்கள்

10:00 முதல் 10:05 வரை ஒரு கேண்டில் என்பது சார்ட் மென்பொருள் போட்ட கோடு. 10:02 முதல் 10:07 வரை எடுத்தால் என்ன ஆகும்? ஒரு நிமிட கேண்டில்கள் ஐந்தை நீங்களே சேர்த்துப் பாருங்கள்: முதலாவதன் தொடக்கம், கடைசியின் முடிவு, ஐந்தில் பெரிய உச்சம், சிறிய அடி. நம் உதாரணத்தில் அடி முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டதால், புதிய கேண்டிலில் வாலே இருக்காது. ஹேமர் காணாமல் போய்விட்டது, அதன் செய்தியும் கூடவே போய்விட்டது.

வாரத்தையும் இப்படி நகர்த்தலாம். புதனில் தொடங்கி அடுத்த செவ்வாயில் முடியும் ஐந்து நாளைச் சேருங்கள். தொடக்கம் 484, அடி 478, அடுத்த செவ்வாயின் முடிவு 506 என்றால், உடல் 22, கீழ் வால் 6. இதுவும் ஹேமர் இல்லை. ஆனால் இது ஒரு நீண்ட பச்சை கேண்டில். பெயர் மாறினாலும், 480-ஐ ஒட்டி வாங்கினார்கள் என்ற செய்தி அப்படியே இருக்கிறது. வார எல்லைக்கு இன்னொரு பலமும் உண்டு: வார இறுதியில் சந்தை உண்மையாகவே மூடுகிறது. இடைவிடாமல் நடக்கும் கிரிப்டோ சந்தையில் அந்தப் பலம் கிடையாது.

படி 5: செலவைச் சேருங்கள்

உள்ளே போய் வெளியே வர மொத்தச் செலவு 0.20 என்று வைப்போம். ஐந்து நிமிட ஹேமரில் 500.35-க்கு வாங்கி 499.15-இல் ஸ்டாப் வைத்தால் ரிஸ்க் 1.20. இலக்கு அதைப் போல் இரண்டு மடங்கு, 2.40. செலவு போக வென்றால் 2.20 கிடைக்கும், தோற்றால் 1.40 போகும். நஷ்டமில்லாமல் நிற்கவே நூற்றுக்கு 39 முறை வெல்ல வேண்டும்.

வார ஹேமரில் 504.10-க்கு வாங்கி 477.90-இல் ஸ்டாப் வைத்தால் ரிஸ்க் 26.20. அதே இரண்டு மடங்கு இலக்கு, அதே 0.20 செலவு. இங்கே நூற்றுக்கு 34 போதும். செலவே இல்லாவிட்டால் இரண்டுக்கும் 33.3 தான். வடிவம் இரண்டிலும் ஒரே அளவு வேலை செய்தாலும்கூட ஐந்து நிமிட வியாபாரி நஷ்டப்படுவது இப்படித்தான்.

"அப்படியென்றால் வார சார்ட் மட்டும் போதுமா?"

போதாது, அதற்கும் குறைகள் உண்டு. 26 புள்ளி ஸ்டாப் என்றால் அதே பண ரிஸ்க்குக்கு நீங்கள் வாங்கக்கூடிய பங்குகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகக் குறையும். இதைக் கணக்கிடாமல் பழைய அளவிலேயே வாங்குவது பெரிய தவறு. அடுத்து, வெள்ளி முடியும்வரை அது ஹேமரே இல்லை. நம் உதாரணத்தில் புதன் மாலை பார்த்தவருக்கு 500-இல் தொடங்கி 482-இல் நிற்கும் சிவப்பு கேண்டில்தான் தெரிந்திருக்கும். வார இறுதியில் வரும் செய்தியால் திங்கள் காலை விலை ஸ்டாப்பைத் தாண்டியே திறக்கவும் கூடும்.

இன்னொன்று, ஆண்டுக்கு 52 வார கேண்டில்கள்தான். பத்து ஆண்டில் 520. அதில் சரிவுக்குப் பிறகு வந்த ஹேமர்களை எண்ணினால் ஒரு பங்குக்குக் கைவிரல்களில் அடங்கிவிடலாம். அவற்றை மட்டும் வைத்து "இந்தப் பங்கில் வார ஹேமர் பலிக்கும்" என்று சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

"ஐந்து நிமிட ஹேமரை எங்கே பயன்படுத்துவது?"

மேலே பார்த்த பங்கு சில வாரம் கழித்து மறுபடி 480-க்கு அருகில் வருகிறது என்று வையுங்கள். புதன், வியாழனில் வாங்கியவர்கள் எங்கே வந்தார்கள் என்பது வார வாலிலிருந்து நமக்குத் தெரியும். அந்த இடத்தில் ஐந்து நிமிட ஹேமர் வந்தால் படி 2, 3, 4 மூன்றையும் செய்து பாருங்கள். வால்யூமையும் பார்க்க வேண்டும், ஆனால் முந்தைய கேண்டிலோடு அல்ல, முந்தைய நாட்களின் அதே நேரத்தோடு ஒப்பிடுங்கள். திறந்தவுடனும் மூடுவதற்கு முன்பும் வால்யூம் இயல்பாகவே அதிகமாக இருக்கும். எல்லாம் ஒத்துவந்தால், அந்த ஹேமரின் உச்சத்துக்கு மேல் அடுத்த கேண்டில் முடிந்த பிறகு வாங்கலாம். ஸ்டாப்பை மட்டும் ஐந்து நிமிட வாலுக்குக் கீழே வைக்காமல், 478-க்குக் கீழே வையுங்கள்.