ஆண்டு விழா மேடையில் தேர்ச்சி விகிதம்: தலைமையாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டறிக்கையில் பெற்றோர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் வரும் இடத்தைத்தான். விழா பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும். திரையில் தெரிவதோ போன மே மாதம் வந்த முடிவு. அதை முதலிலேயே சொல்லாவிட்டால், இந்த ஆண்டு தேர்வு எழுதப்போகும் தங்கள் பிள்ளைகளின் நிலை அது என்று பலர் எடுத்துக்கொள்வார்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு பள்ளியில் 2025-இல் பெயர்ப்பட்டியலில் 48 பேர். தேர்வு எழுதியவர்கள் 46, தேர்ச்சி பெற்றவர்கள் 43. அதற்கு முந்தைய ஆண்டு 50 பேர் எழுதி 46 பேர் தேர்ச்சி.

43-ஐ 46-ஆல் வகுத்தால் 93.48%. அரசு வெளியிடும் விகிதமும் தேர்வு எழுதியவர்களை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதனால் இது சரியான எண்தான். தவறு எங்கே நடக்கிறதென்றால், "நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 93 சதவீதம் பேர்" என்று மேடையில் சொல்லும்போது. 48 பேரை வைத்துப் பார்த்தால் 89.58%தான் வரும். தேர்வுக்கு வராத இரண்டு பிள்ளைகள் எந்தத் தெரு என்பதுகூட ஊருக்குத் தெரியும். "46 பேர் எழுதினார்கள், 43 பேர் தேர்ச்சி, இரண்டு பேர் எழுத வரவில்லை" என்று ஆள் கணக்காகச் சொல்லுங்கள். சதவீதம் அதற்குப் பிறகு வரட்டும்.

அடுத்த தவறு வரைபடத்திலேயே இருக்கிறது. அதை வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. 92, 93.48 என்று இரண்டு எண்களைக் கொடுத்துப் பட்டை வரைபடம் கேட்டால், எண்கள் நெருக்கமாக இருப்பதால் எக்செல் தானாகவே அச்சைச் சுழியத்தில் தொடங்காமல் மேலே எங்கோ தொடங்கிவிடும். அச்சு 90-இல் தொடங்கினால் 2025 பட்டை 2024 பட்டையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு உயரமாக நிற்கும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு எண் தெரியாது, பட்டையின் உயரம் மட்டும்தான் தெரியும். செங்குத்து அச்சின் மேல் வலது சொடுக்கு செய்து, Format Axis-இல் Bounds பகுதிக்குப் போய் Minimum 0, Maximum 100 என்று மாற்றிவிடுங்கள். இரண்டு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும். நிலவரமும் அதுதான். 46 பேர் எழுதிய பள்ளியில் ஒரு பிள்ளையின் மதிப்பு 2.17 புள்ளி. கூடியிருப்பது 1.48 புள்ளி, ஒரு பிள்ளைக்கும் குறைவு. இன்னொருவர் தவறியிருந்தால் 91.30% ஆகி, 2024-ஐவிடக் கீழே போயிருக்கும். இதை "வளர்ச்சி" என்று அறிவிக்கக் கூடாது. "2024 அளவிலேயே இருக்கிறோம்" என்பதுதான் நேர்மையான சொல்.

மாநில விகிதத்தையும் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் விளங்கும். பத்தாம் வகுப்பில் தமிழ்நாட்டின் தேர்ச்சி 2024-இல் 91.55%, 2025-இல் 93.80%. போன முறை மாநிலத்தைவிட ஒரு நூல் மேலே இருந்த நம் பள்ளி, இம்முறை ஒரு நூல் கீழே. இரண்டு வித்தியாசமும் ஒரு பிள்ளைக்குள் அடங்கிவிடுவதால் பெருமைப்படவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். ஆனால் மாநில எண்ணை மறைத்துவிட்டு நம் எண் ஏறியதை மட்டும் காட்டுவது பாதி உண்மை. பல ஆண்டு வரைபடம் போடுபவர்கள் 2020, 2021 பட்டைகளை எடுத்துவிடுங்கள். கொரோனா காலத்தில் தேர்வே நடத்தாமல் எல்லோருக்கும் தேர்ச்சி கொடுத்த ஆண்டுகள் அவை. அந்த 100-க்குப் பக்கத்தில் 2022 வீழ்ச்சியாகத் தெரியும்.

பெற்றோர் அதிகம் குழம்புவது பாடவாரி விகிதத்தில். நம் உதாரணத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் மட்டும், ஒருவர் கணிதத்தில் மட்டும், ஒருவர் கணிதம், அறிவியல் இரண்டிலும் தவறினார் என்று வையுங்கள். தமிழும் சமூக அறிவியலும் 100%, ஆங்கிலமும் அறிவியலும் 97.83%, கணிதம் 95.65%. "எல்லாப் பாடமும் 95-க்கு மேல, மொத்தம் மட்டும் எப்படி சார் 93?" என்று யாராவது கேட்பார். ஒரு பாடத்தில் தவறினாலும் மொத்தத்தில் தேர்ச்சி இல்லை. வெவ்வேறு பிள்ளைகள் வெவ்வேறு பாடத்தில் தவறும்போது மொத்தத்தில் அவர்கள் எல்லோரும் சேர்ந்துவிடுகிறார்கள். இதை விளக்காமல் ஐந்து பாடங்களின் சராசரியான 98.26-ஐப் பள்ளியின் விகிதமாகப் போடுவது பெரிய பிழை. இன்னொன்று, தவறியவர்கள் மூன்றே பேர் என்றால் பாடவாரிப் பட்டியலே அவர்களை அடையாளம் காட்டிவிடும். கூட்டத்தில் அவர்கள் வீட்டாரும் இருக்கலாம். திரையில் மொத்தக் கணக்கு போதும். பாடவாரி விவரத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை துணைத் தேர்வில் அந்த மூவரில் இருவர் தேறியிருந்தால், அதை மார்ச் விகிதத்தோடு கூட்டி 97.83 ஆக்காதீர்கள். "மார்ச்சில் 46-க்கு 43, ஜூலையில் மேலும் இருவர், ஒருவர் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது" என்று தனியாகச் சொல்லுங்கள்.