மெயின்டனன்ஸ் நோட்டீஸ் எழுதுவது எப்படி? 12 வீட்டு அபார்ட்மென்ட் கணக்கு

சென்னையில் 12 வீடுகள் கொண்ட ஒரு அபார்ட்மென்டை எடுத்துக்கொள்வோம். 900 சதுர அடியில் 8 வீடுகள், 1,200 சதுர அடியில் 4 வீடுகள். மொத்தம் 12,000 சதுர அடி.

முதலில் ஜூன் மாதத்து பில்களையும் ரசீதுகளையும் ஒன்றாகச் சேர்த்து, செலவுகளை வரிவரியாக எழுதுங்கள்.

வாட்ச்மேன் சம்பளம்: ரூ.14,000
துப்புரவுப் பணியாளர் சம்பளம்: ரூ.5,000
பொது மின்கட்டணம் (மே–ஜூன் பில் ரூ.9,600, இம்மாதப் பங்கு பாதி): ரூ.4,800
லாரித் தண்ணீர் (8 லோடு × ரூ.1,200): ரூ.9,600
லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் (ஆண்டுக்கு ரூ.36,000, 12இல் ஒரு பங்கு): ரூ.3,000
மோட்டார் காயில் கட்டியது: ரூ.3,600
மொத்தம்: ரூ.40,000

தமிழ்நாட்டில் ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதை முழுதாக ஒரே நோட்டீஸில் ஏற்றினால், ஒரு மாதம் தொகை எகிறும், அடுத்த மாதம் இறங்கும். அந்த இடைவெளியில் வீடு காலி செய்பவருக்கும் புதிதாகக் குடிவருபவருக்கும் கணக்குத் தகராறு வரும். அதனால்தான் பாதிப் பாதியாகப் பிரிக்கிறோம்.

அதிகம் கேள்வி எழுவது லாரித் தண்ணீரில்தான். "தண்ணீர்: ரூ.9,600" என்று மட்டும் போடாதீர்கள். லோடு எண்ணிக்கையும் விலையும் நோட்டீஸிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு லாரி வரும்போதும் தேதி, நேரம், வண்டி எண் மூன்றையும் வாட்ச்மேன் நோட்டில் எழுதவேண்டும். மாதக் கடைசியில் அந்த நோட்டையும் லாரிக்காரர் பில்லையும் ஒத்துப்பாருங்கள். ஒரு லோடு கூடினாலும் அப்போதே தெரிந்துவிடும்.

இனி பங்கு பிரிப்பது. சதுர அடிக் கணக்கென்றால் 40,000 ÷ 12,000 × 900 = ரூ.3,000, பெரிய வீட்டுக்கு ரூ.4,000. சரிபார்க்க: 8 × 3,000 + 4 × 4,000 = 40,000. சமபங்கென்றால் வீட்டுக்கு ரூ.3,333.33 வரும். அதை ரூ.3,340 ஆக்கினால் ரூ.80 மிஞ்சும், அதை அடுத்த மாத நோட்டீஸில் வரவாகக் காட்டிவிடுங்கள். இரண்டில் எது என்பது சங்க விதியிலோ பொதுக்குழுத் தீர்மானத்திலோ இருக்கும். செயலாளர் தாமாக மாற்றக் கூடாது.

பூட்டிக் கிடக்கும் வீட்டை விட்டுவிட்டு மற்றவர்கள் தலையில் பங்கைப் போடுவது பலர் செய்யும் தவறு. லிஃப்டும் வாட்ச்மேனும் அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான். தண்ணீர்ப் பங்கை மட்டும் விலக்குவதென்றால் அதற்கும் தீர்மானம் வேண்டும்.

பழைய பாக்கியைச் செலவுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், ஒருவர் கட்டாத பணத்தை எல்லோரும் கட்டுவதாகிவிடும். மொத்தத்துக்குக் கீழே, அந்தந்த வீட்டு எண்ணுக்கு நேராக "முன்பாக்கி" என்று தனியாகப் போடுங்கள். கட்டவேண்டிய கடைசித் தேதி, வங்கிக் கணக்கு எண், உங்கள் கையொப்பம் ஆகியவற்றோடு லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டுங்கள். பில் ஃபைல் யாரிடம், எப்போது பார்க்கலாம் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.