பரிசல் சாய்கிறது

கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள எங்கள் மாந்தோப்பை மனைவியிடம் கேட்காமலேயே குத்தகைக்குப் பேசி முடித்துவிட்டேன். அன்றிரவு சண்டை முற்றியபோது, சூழலை இலகுவாக்கலாம் என்றெண்ணி அவள் பேசுவதைப் போலவே பேசிக் காட்டினேன். அவள் முகம் இறுகியது. எதிரில் இருப்பவரையே பொருளாகக் கொள்ளும் நகைச்சுவை அந்த நேரத்தில் ஏளனமாகவே கேட்கும்.

இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் அளவு கொதித்திருப்பவரின் காதில் சமாதானச் சொல் எதுவும் ஏறாது என்றும், தணிவதற்குக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்றும் தம்பதியரை ஆராய்ந்த ஜான் காட்மன் கூறுகிறார். ஆகவே, "அரை மணி நேரத்தில் திரும்பி வந்து பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே சென்றேன். நேரத்தைச் சொல்லாமல் போயிருந்தால், அவளை விட்டு விலகியதாகவே ஆகியிருக்கும்.

திரும்பி வந்து, ஒரு கிளிமூக்கு மாங்காயை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அவள் பக்கத்தில் வைத்தேன். "பரிசல் சாயுது" என்றேன். திருமணமான புதிதில் ஒகேனக்கல்லில் நாங்கள் இருவரும் ஒரே பக்கமாக அமர்ந்தபோது பரிசல்காரர் சொன்னது அது. அவள் சிரிக்கவில்லை, ஆனால் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள், தோள்கள் தளர்ந்தன, "என்னங்க" என்று மறுபடியும் அழைத்தாள். அந்த இடைவெளியில்தான் "கேட்காமல் பேசியது என் தவறு" என்று என்னால் சொல்ல முடிந்தது. அதைச் சொல்லாமல் மாங்காயோடு நிறுத்தியிருந்தால் அவளை வாயடைக்கச் செய்ததாகவே இருந்திருக்கும்.

குத்தகைத் தொகையைப் பற்றிய வாக்குவாதம் அதன் பிறகும் தொடர்ந்தது, தணிந்த குரலில்.