பாஸ் ஆகும் வாய்ப்பு 43 சதவீதமா, 12 சதவீதமா? லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் சறுக்கும் இடங்கள்

அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க், கடைசியில் பாஸா ஃபெயிலா. எக்செல் ஷீட்டில் இந்த மூன்றும் இருந்தால், பாஸ் வாய்ப்பைக் கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷனைப் பத்து வரியில் ஓட்டிவிடலாம். எர்ரர் எதுவும் வராது, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சதவீதம் அழகாக வந்து விழும். தப்பாகப் போட்டாலும் அதே அழகோடுதான் விழும், அதுதான் சிக்கல்.

முதல் சறுக்கல் மாடலுக்கு முன்பே நடந்துவிடுகிறது. செமஸ்டரின் எட்டாவது வாரத்தில் யார் தடுமாறுகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் செய்கிறோம், ஆனால் பழைய பேட்ச் டேட்டாவில் இருப்பதோ செமஸ்டர் முடிந்தபிறகு போட்ட மொத்த அட்டெண்டன்ஸும் இறுதி இன்டர்னலும். அந்த இறுதி இன்டர்னலில் பரீட்சைக்கு முந்தைய வாரம் வைத்த டெஸ்ட்டும் சேர்ந்திருக்கும். எட்டாவது வாரத்தில் அந்த மார்க் யாரிடமும் கிடையாது. அப்புறம், இன்டர்னலையும் கூட்டித்தான் பாஸ் முடிவாகிறது என்றால் விடையில் ஒரு பங்கையே மாடலிடம் கொடுத்த கணக்கு. பழைய டேட்டாவில் பிரமாதமாக ஓடும், இந்த வருஷம் காலை வாரும். பழைய பேட்ச்சுக்கும் எட்டாவது வாரம் வரை தெரிந்ததை மட்டும் எடுங்கள். டெஸ்ட்டுக்கு வராதவருக்கு ஷீட்டில் 0 போட்டிருக்கிறதா, காலியாக விட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எழுதி 0 வாங்கியவரும் எழுதவே வராதவரும் ஒன்றல்ல. அட்டெண்டன்ஸ் குறைவு என்று பரீட்சைக்கே விடாமல் நிறுத்தியவர்கள் ஷீட்டில் இல்லையென்றால், அவர்கள் மாதிரியான ஒருவருக்கு மாடல் சொல்லும் எண்ணுக்கு அடிப்படையே கிடையாது.

சரி, மாடல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை (அட்டெண்டன்ஸ் A 100க்கு, இன்டர்னல் M 50க்கு):

```
z = -7.5 + 0.06*A + 0.12*M
p = 1 / (1 + exp(-z))
```

இதில் 0.06 என்பதைப் பார்த்தவுடனே "அட்டெண்டன்ஸ் ஒரு சதவீதம் கூடினால் பாஸ் வாய்ப்பு 6 சதவீதம் கூடும்" என்று எழுதிவிடுகிறார்கள். ரிப்போர்ட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். 0.06 கூடுவது z-இல், வாய்ப்பில் அல்ல. அட்டெண்டன்ஸ் 70, இன்டர்னல் 25 என்று ஒரு மாணவி இருந்தால் z = -7.5 + 4.2 + 3.0 = -0.3, வாய்ப்பு சுமார் 43%. அவரே 80 வைத்திருந்தால் z = 0.3, சுமார் 57%. பத்து புள்ளிக்குப் பதினான்கு, பதினைந்து சதவீதம் ஏறுகிறது. இன்னொருவர் அட்டெண்டன்ஸ் 90, இன்டர்னல் 45. அவருக்கு z = 3.3, ஏற்கெனவே 96%. அவர் 100 வைத்தாலும் 98%தான். அதே பத்து புள்ளி, அதே 0.06, ஆனால் இங்கே இரண்டு சதவீதம்கூட நகரவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக மாறுவது, பாஸ் வாய்ப்பை ஃபெயில் வாய்ப்பால் வகுத்தால் வரும் விகிதம். பத்து புள்ளி கூடினால் அந்த விகிதம் இருவருக்குமே சுமார் 1.8 மடங்கு ஆகிறது. அதனால் ரிப்போர்ட்டில் 0.06 போன்ற கெழுவை மட்டும் எழுதாமல், இப்படி இரண்டு மூன்று மாணவர்களுக்கு வாய்ப்பைப் போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று, 0.06 என்பது ஒரே இன்டர்னல் மார்க் உள்ள இரண்டு பேருக்கு நடுவே உள்ள வித்தியாசம். வகுப்புக்கு வருவதால் இன்டர்னலே ஏறுகிறது என்றால் அந்தப் பலன் M-இன் கணக்கில் போய்விடும், A-இன் கெழு சின்னதாகத் தெரியும். அதைப் பார்த்து "அட்டெண்டன்ஸால் பெரிதாகப் பயன் இல்லை" என்று சொல்ல முடியாது. நேர்மாறாக, கட்டாயப்படுத்தி உட்கார வைத்தால் பாஸ் ஆகிவிடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. தானாக வருகிறவருக்குப் படிப்பில் இருக்கும் அக்கறை இந்த ஷீட்டில் எங்கேயும் இல்லையே.

இனி தலைப்பில் உள்ள எண்களுக்கு வருவோம். 200 பேரில் 170 பேர் பாஸ் என்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் பாஸ் என்று சொன்னாலே 85% சரி. மாடல் 86% சரியாகச் சொன்னது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, ஃபெயில் ஆன 30 பேரில் எத்தனை பேரைப் பிடித்தது என்று பாருங்கள். இதுவரை பலருக்கும் தெரியும். அதற்குத் தீர்வு என்று அடுத்து செய்வதில்தான் கோளாறு:

```python
LogisticRegression(class_weight="balanced")
```

இது ஃபெயில் ஆன 30 பேருக்கு எடை ஏற்றி, பாதி வகுப்பு ஃபெயில் என்பதுபோல மாடலுக்குக் காட்டுகிறது. விளைவாக எல்லோருடைய z-உம் ஏறக்குறைய log(170/30), அதாவது 1.73 கீழே இறங்கும். நம் 43% மாணவியின் z -0.3-இலிருந்து -2.03 ஆகி, திரையில் 12% என்று வரும். அவர் ஒன்றும் மாறவில்லை, நாம் ஏற்றிய எடைதான் மாறியது. யாரை முதலில் கூப்பிட்டுப் பேசுவது என்று வரிசைப்படுத்த மட்டும் என்றால் இதனால் பெரிய கேடு இல்லை, வரிசை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆனால் அந்த 12-ஐ வாய்ப்பு என்று சொல்லி மாணவியிடமோ பெற்றோரிடமோ காட்டினால் அது பொய். எடை ஏற்றாமல் விட்டுவிட்டு, பாஸ், ஃபெயில் என்று பிரிக்கும் 0.5 என்ற கோட்டை நகர்த்துவது மேல். ஆசிரியர்களால் நாற்பது பேரைக் கவனிக்க முடியும் என்றால், வாய்ப்பு குறைந்த நாற்பது பேர் எங்கே முடிகிறார்களோ அங்கே கோட்டைப் போடுங்கள்.

எண்ணை நம்பலாமா என்று பார்க்க, மாடல் 60 முதல் 70% வரை கொடுத்தவர்களைத் தனியே எடுத்து, அவர்களில் எத்தனை பேர் உண்மையில் பாஸ் ஆனார்கள் என்று எண்ணுங்கள். அந்தக் கூட்டத்தில் 20 பேர் இருந்தால் 13 பேர் பாஸ் ஆகியிருக்க வேண்டும். 11 அல்லது 15 வந்தால் பதற வேண்டாம், இவ்வளவு சின்னக் கூட்டத்தில் அது சாதாரணம். 6 என்று வந்தால்தான் மாடலில் ஏதோ கோணல்.

சின்ன விஷயம் ஒன்று. `scikit-learn` சொல்லாமலே கெழுக்களைக் கொஞ்சம் அமுக்கிவிடும் (`C=1.0`). அட்டெண்டன்ஸை 70 என்று கொடுக்காமல் 0.70 என்று கொடுத்தால் கெழு 6 ஆக வர வேண்டும், பெரிய கெழு என்பதால் அது அதிகமாக அமுங்கி, அட்டெண்டன்ஸே வலுவிழந்ததுபோலத் தெரியும். எல்லாப் பத்திகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் `StandardScaler` போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

சோதிக்கும்போது ஒரே பேட்ச்சைக் கலைத்துப் பிரிக்காமல், முந்தைய பேட்ச்சுகளில் பழக்கி அடுத்த பேட்ச்சில் பாருங்கள். கலைத்துப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே வினாத்தாள் எழுதியவர்கள்தான், வினாத்தாள் கடினமானால் என்ன ஆகும் என்பது தெரியவே தெரியாது. புது பேட்ச்சில் வரிசை சரியாக இருந்து, எல்லாக் கூட்டத்திலும் மாடல் சொன்னதைவிடக் குறைவாகவே பாஸ் ஆகியிருந்தால், பெரும்பாலும் 0.06-ஐயும் 0.12-ஐயும் தொட வேண்டாம், -7.5-ஐ மட்டும் புதிதாகக் கணக்கிட்டால் போதும்.