தாமதக் கட்டணத் தள்ளுபடி: மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்கள் செய்யும் தவறுகள்

மருத்துவமனையில் படுத்திருந்ததால் ஒரே ஒரு கடன் தவணை தவறிப்போனவர்கள் முதலில் செய்யும் தவறு, வங்கியின் பதில் வரும்வரை தவணையைக் கட்டாமல் காத்திருப்பது. தள்ளுபடி கோருவது தாமதக் கட்டணத்துக்குத்தான். தவணை நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் தாமத நாட்களின் கணக்கு கூடிக்கொண்டே போகிறது.

கட்டிவிட்டாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. என் பார்வையில் பலரும் கவனிக்காத இடம் இதுதான். தவணைத் தொகை 10,000, தாமதக் கட்டணம் 500 என்று வைத்துக்கொள்வோம். கெடு 5ஆம் தேதி. கடன் வாங்கியவர் 3ஆம் தேதி அனுமதிக்கப்பட்டு, 11ஆம் தேதி வீடு திரும்பி, மறுநாளே 10,000 கட்டிவிடுகிறார். வரும் பணத்தைக் கட்டணத்துக்கு முதலில் வரவு வைப்பது அந்த வங்கியின் முறையானால், தவணைக்கு 9,500 மட்டுமே சேரும். மீதி 500 நிலுவையாகவே நிற்பதால், அடுத்த மாதத் தவணை சரியாகப் போனாலும் கணக்கு பாக்கி காட்டி, புதிய கட்டணம் விழக்கூடும். ஆகவே, கட்டிய தொகை எதற்கு வரவு வைக்கப்பட்டது என்று கணக்கு அறிக்கையைப் பார்த்துவிட்டு, முழுவதையும் தவணைக்கே வரவு வைக்குமாறு விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும்.

"எல்லா அபராதத்தையும் நீக்குங்கள்" என்று பொதுவாக எழுதுவதும் தவறு. தாமதக் கட்டணமும், கணக்கில் பணமில்லாமல் தானியங்கிப் பற்று திரும்பியதற்கான கட்டணமும் தனித்தனி வரிகள். கடைசியாகச் சொன்னதைச் சேமிப்புக் கணக்குள்ள வங்கியும் தன் பங்குக்கு வசூலித்திருக்கலாம். அதை அங்கேதான் கேட்க வேண்டும். ஒவ்வொன்றையும் தேதியோடும் தொகையோடும் குறிப்பிட்டால், அதிகாரி தேடாமல் முடிவெடுக்கலாம்.

சான்றாக மருத்துவக் கோப்பு முழுவதையும் இணைக்கத் தேவையில்லை. வங்கி பார்ப்பது, கெடு நாள் அனுமதித் தேதிக்கும் வெளியேறிய தேதிக்கும் நடுவில் வருகிறதா என்பதைத்தான். அந்த இரு தேதிகளும் பெயரும் உள்ள பக்கம் பெரும்பாலும் போதும். நோயின் பெயரை மறைத்துவிடலாம். வீடு திரும்பியபின் சில நாட்கள் கழித்துக் கட்டியிருந்தால், அந்த இடைவெளிக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுவது நல்லது, ஏனெனில் கேள்வி அங்கேதான் எழும்.

"கடனைக் கட்ட முடியவில்லை" என்ற சொற்களையும் தவிர்க்க வேண்டும். அதைப் படிப்பவர், தவணைகளையே மாற்றியமைக்கச் சொல்லும் கடன் மறுசீரமைப்புக் கோரிக்கை என்று எடுத்துக்கொண்டு வேறு பிரிவுக்கு அனுப்பிவிடலாம். "ஒரு தவணை தவறியது, இந்தத் தேதியில் கட்டிவிட்டேன்" என்பதே போதுமானது.

தொலைபேசியில் "எடுத்துவிடுகிறோம்" என்று சொன்னதோடு விட்டுவிடாமல், கோரிக்கை எண்ணையும் எழுத்துப்பூர்வமான பதிலையும் வாங்கி, அடுத்த கணக்கு அறிக்கையில் அந்தத் தொகை திரும்ப வரவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டணம் நீங்கினாலும், கடன் தகவல் அறிக்கையில் பதிவான தாமதம் தானாக நீங்காது. அது தனிக் கோரிக்கை, பதிவு உண்மையானதாக இருந்தால் வங்கி மறுப்பதற்கே வாய்ப்பு அதிகம்.