ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் கம்பெனியை விசாரிப்பது எப்படி?

போன வருடம் சென்னையில் ஒரு நடுத்தர சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து எனக்கு டெஸ்டிங் வேலைக்கு ஆஃபர் வந்தது. சம்பளம் சரி. பதில் சொல்ல ஐந்து நாள் அவகாசம். அந்த ஐந்து நாளில் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

1. ரிவ்யூ படிப்பது

ஊழியர்கள் தங்கள் கம்பெனியைப் பற்றி எழுதும் ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் தளங்கள் இரண்டிலும் தேடுங்கள். மொத்த ஸ்டார் அளவு பெரிதாக எதையும் சொல்லாது. சேல்ஸ் ஆட்களின் அலுவலகமும் டெஸ்டிங் ஆட்களின் அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் வேறு வேறு உலகம். அதனால் உங்கள் ஊர், உங்கள் பிரிவு என்று சுருக்கி, கடைசி ஒரு வருடத்தை மட்டும் படியுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு வரி ஐந்து ஸ்டார் ரிவ்யூக்கள் குவிந்திருந்தால், மேலிடத்தில் சொல்லி எழுத வைத்திருக்கலாம். நான் நம்புவது மூன்று ஸ்டார்களை; நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான். எனக்குக் கிடைத்த துப்பு: சாஃப்ட்வேரின் புது வெர்ஷனை வெளியிடும் 'ரிலீஸ் வாரம்' பற்றி நான்கு பேர் தனித்தனியாகப் புலம்பியிருந்தார்கள். மற்றதை விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொண்டேன்.

2. உள்ளே இருப்பவரிடம் கேட்பது

லிங்க்ட்இனில் கம்பெனி பக்கத்தின் People பகுதியில் உங்கள் கல்லூரிப் பெயரைத் தேடுங்கள். நான் சீனியர் ஒருவருக்கு எழுதியது இவ்வளவுதான்: "அண்ணா, உங்க கம்பெனில டெஸ்டிங் ஆஃபர் வந்திருக்கு. போன ரிலீஸ் அன்னிக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீங்க?" 'கம்பெனி எப்படி இருக்கு?' என்று கேட்டிருந்தால் 'நல்லா இருக்கு' என்று முடிந்திருக்கும். இதற்கு வந்த பதில்: "ராத்திரி ரெண்டு மணி. மாசம் ரெண்டு தடவை."

அலுவலக மெயிலுக்கு எழுதாதீர்கள், அவர்களுக்குத்தான் சிக்கல். உங்களை ரெஃபர் செய்தவரிடம் கேட்டால், நீங்கள் சேர்ந்தால் அவருக்கு போனஸ் வரக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போனவர்கள் இன்னும் வெளிப்படையாகப் பேசுவார்கள். ஆனால் இரண்டு வருடப் பழைய கதை இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

3. மேனேஜரிடம் கேட்பது

ஆஃபர் வந்த பிறகும் "மேனேஜரிடம் பதினைந்து நிமிடம் பேசலாமா?" என்று எச்ஆரிடம் கேட்கலாம், தப்பில்லை. நான் கேட்டவை மூன்று:

- இந்த இடம் ஏன் காலியானது?
- கடைசி ரிலீஸ் என்றைக்கு, டீம் எத்தனை மணி வரை இருந்தது?
- மறுநாள் லீவு உண்டா?

முதல் கேள்விக்கு, "முன்னாடி இருந்தவர் பெங்களூர் போயிட்டார்" என்றார். இரண்டாவதற்கு, "நாங்க எல்லாம் ஒரு ஃபேமிலி மாதிரி." நேரம் கேட்டால் உறவு சொல்கிறார் என்றால் கவனமாக இருங்கள். நான் விடாமல் மறுபடி கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "ஒரு மணி, ரெண்டு மணி ஆகும். மறுநாள் மதியம் வந்தா போதும்" என்றார். சீனியர் சொன்னதோடு நேரம் பொருந்தியது. மறுநாள் சலுகையைப் பற்றி சீனியர் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அவரிடம் திரும்பக் கேட்டேன். "அது பேச்சுக்குத்தான், பத்து மணி ஸ்டாண்ட்அப் மீட்டிங்குக்கு எல்லாரும் வந்தாகணும்" என்றார்.

இரவு வேலைக்கு ஈடாக காம்ப் ஆஃப் உண்டா என்பதை எழுத்தில் தரச் சொல்லி எச்ஆருக்கு மெயில் போட்டேன். மூன்றாம் நாள் போனில் பதில் வந்தது: "அதெல்லாம் சேர்ந்த பிறகு மேனேஜரிடம் பேசிக்கலாம்." நான் சேரவில்லை.