இன்டீரியர் டிசைனருக்கு எழுதும் முதல் கடிதம்

"கட்டணம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் "10 சதவீதம்" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். எதில் 10 சதவீதம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எஸ்டிமேட்டிலா, கடைசியில் ஆகும் செலவிலா? இரண்டாவது என்றால், செலவு 30 சதவீதம் ஏறினால் அவர் கட்டணமும் அதே அளவு ஏறும். அதனால் இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு உள்ளலங்காரம் செய்ய வேண்டும். உங்கள் கட்டணம் மொத்தத் தொகையா, சதுர அடிக் கணக்கா, செலவில் சதவீதமா? சதவீதம் என்றால், நாங்களே வாங்கும் ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் அதில் சேருமா? வரி தனியா? வரைபடத்தை எத்தனை முறை கூடுதல் கட்டணமின்றி மாற்றித் தருவீர்கள்? வேலை நடக்கும்போது நேரில் வந்து பார்ப்பதும் இதில் அடங்குமா? ஒவ்வொரு தவணையும் எந்த வேலை முடிந்ததும் தர வேண்டும்?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தவணைக்குத் தேதி மட்டும் குறித்திருந்தால், தச்சு வேலை பாதியில் நின்றாலும் பணம் கட்ட வேண்டிய நாள் வந்துவிடும். "வரைபடம் ஒப்புதலானதும்", "அலமாரிகள் பொருத்தியதும்" என்று வேலையோடு கட்டிப்போடுங்கள். சின்னச் சின்னக் குறைகளைச் சரிசெய்யும் வரை கடைசித் தவணையைக் கையில் வைத்திருக்கலாமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்டால் மனஸ்தாபம்தான்.